கடைசி வார ஆட்டங்களில் விலையை ஏன் நம்ப முடிவதில்லை

2025 மே 21 இரவு வான்கடேயில் மும்பை இந்தியன்ஸ் டெல்லியை 59 ரன்னில் தோற்கடித்தபோது அந்த வருட ஐபிஎல்லின் பெரிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. குஜராத், பெங்களூரு, பஞ்சாப், மும்பை நான்கும் பிளே-ஆஃபுக்குள். மற்ற ஆறு அணிகளும் வெளியே. ஆனால் லீக்கில் இன்னும் ஏழு ஆட்டங்கள் பாக்கி இருந்தன. அதில் ஐந்து ஆட்டங்களில் உள்ளே போன ஓர் அணியும் வெளியேறிவிட்ட ஓர் அணியும் மோதின.

உள்ளே போன அணிகளுக்கு வேலை முடிந்துவிடவில்லை. முதல் இரண்டு இடங்களுக்குள் முடித்தால், ஒரு ஆட்டம் தோற்றாலும் இறுதிப் போட்டிக்குப் போக இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடம் என்றால் ஒரு தோல்வியோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே ஒரு பக்கம் கட்டாயம் ஜெயிக்க வேண்டிய அணி, எதிர்ப் பக்கம் எதையும் இழப்பதற்கில்லாத அணி. பார்ப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான கணக்கு இருக்க முடியாது.

நடந்தது இது. 22ஆம் தேதி லக்னோ குஜராத்தை வென்றது. 23ஆம் தேதி ஹைதராபாத் பெங்களூருவை வென்றது. 24ஆம் தேதி டெல்லி பஞ்சாபை வென்றது. 25ஆம் தேதி சென்னை குஜராத்தை வென்றது. நான்கு நாள், நான்கு ஆட்டம், நான்கிலும் வெளியேறிவிட்ட அணிக்கே வெற்றி. 27ஆம் தேதி லக்னோவுக்கு எதிராகப் பெங்களூரு 228 ரன்னைத் துரத்திப் பிடித்தபோதுதான் அந்தச் சங்கிலி அறுந்தது.

அந்த வாரம் முழுக்க நான் பெங்களூருவில், டொம்லூர் அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் வேலை, ஆட்டத்துக்கு முன்பு ஒவ்வோர் அணிக்கும் வெற்றி வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது. பந்தயம் சட்டப்படி உரிமத்தோடு நடக்கும் நாடுகளில் அவர்கள் அந்த எண்ணை வைத்து விலை போடுவார்கள். எங்களுக்குப் பணம் வைக்க அனுமதி கிடையாது; எண்ணோடு எங்கள் பொறுப்பு முடிந்தது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. யாரையும் பணம் கட்டத் தூண்டுவது இந்தக் கட்டுரையின் நோக்கமே இல்லை. முருகேஷ்பாளையத்தில் நான் இருக்கும் தெருவில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள் நிறைய பேர் பிஜியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். திரையில் தெரியும் ஒரு ரேட்டை அவர்கள் உண்மை நிலவரம் என்றே எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எப்போது அது வெறும் கதையாகிவிடுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் விலை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஓர் அணியின் விலை 2.00 என்றால் நூறு ரூபாய்க்கு, வென்றால், போட்ட பணத்தையும் சேர்த்து இருநூறு கிடைக்கும். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் அரை, அதாவது 50 விழுக்காடு வாய்ப்பு. இதேபோல 1.54 என்பது ஏறத்தாழ 65 விழுக்காடு, 2.86 என்பது 35. இந்த இரண்டையும் கூட்டினால் சரியாக நூறு வரும். ஆனால் பந்தயம் நடத்தும் கடைக்காரர் அப்படி விற்க மாட்டார். தன் லாபத்துக்காக இரண்டு விலையையும் கொஞ்சம் குறைத்து 1.47, 2.72 என்று வைப்பார். இப்போது கூட்டினால் ஏறத்தாழ 105 வரும். நூறுக்கு மேல் இருக்கும் அந்த ஐந்து அவருடைய பங்கு. விலையை வாய்ப்பாக மாற்றிப் படிக்கிற எவரும் முதலில் இந்த ஐந்தைக் கழிக்க வேண்டும். கடைசி வாரங்களில் இந்தப் பங்கு எப்படி மாறுகிறது என்பதே ஓர் அடையாளம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி மே 25. அகமதாபாத்தில் குஜராத்தும் சென்னையும். குஜராத் ஜெயித்தால் 20 புள்ளியோடு முதல் இரண்டு இடங்களுக்குள் உறுதி. தோற்றால் 18லேயே நின்று, மற்றவர்கள் தோற்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டும். சென்னையோ ஏப்ரல் 30 அன்றே முதல் அணியாக வெளியேறியிருந்தது. பட்டியலில் கடைசி இடம்.

அன்று மதியம் டீ குடிக்கப் போனபோது எங்கள் தெருப் பையன் ஒருவன் போனில் கூப்பிட்டான். "அண்ணா, குஜராத்துக்கு இன்னைக்கு வேற வழியே இல்லல்ல? சிஎஸ்கே சும்மா வந்து ஆடிட்டுப் போகப் போறாங்க. அப்பறம் என்ன யோசனை?" என்றான். அன்று பெரும்பாலானவர்கள் மனதில் இருந்தது இதேதான். அந்த ஒற்றை நினைப்பு எப்படி விலைக்குள் நுழைகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைப்பவை. அன்றைய சந்தை விலை அல்ல.

சீசன் முழுக்க நடந்த ஆட்டங்களை வைத்துப் பார்த்தால் குஜராத்துக்கு 65, சென்னைக்கு 35 என்று ஒரு கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை 1.47, 2.72. இப்போது "குஜராத்துக்குத் தேவை இருக்கிறது" என்ற கதையை நம்பும் பணம் ஒரே பக்கம் வந்து விழுகிறது. கடைக்காரர் குஜராத்தின் விலையை 1.38க்கு இறக்குகிறார், சென்னையின் விலையை 2.95க்கு ஏற்றுகிறார். அவருடைய பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் குஜராத் 68, சென்னை 32. மூன்று விழுக்காடு நகர்ந்துவிட்டது. ஆனால் இதற்கிடையில் யாருக்கும் காயம் குணமாகவில்லை, பிட்ச் மாறவில்லை, புதிதாக ஒருவர் அணிக்குள் வரவில்லை. பட்டியலில் ஏற்கெனவே எல்லோரும் பார்த்துவிட்ட ஒன்றுக்காக மட்டும் விலை நகர்ந்திருக்கிறது.

எங்கள் குழுவில் கேஜிஎஃப்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் மிகவும் மூத்தவர். இளம் வயதில் ரேஸ் கோர்ஸ் ரோட்டு டர்ஃப் கிளப்பில் புக்கிகளிடம் கணக்கு எழுதியவர். இப்படி விலை நகரும்போதெல்லாம் அவர் ஒன்றைச் சொல்வார்: "தம்பி, முதலாளிக்குப் பணம் தேவைங்கறதால குதிரை வேகமா ஓடாது. குதிரைய போய்ப் பாரு." அவர் சொன்னதைக் கிரிக்கெட்டில் செய்வது எப்படி என்றால், பட்டியலை மூடி வைத்துவிட்டு அன்று களத்தில் இறங்கப்போகும் பதினொரு பேரைப் பார்ப்பது.

அன்றைய சென்னை அணியைப் பார்ப்போம். கான்வேயுடன் தொடக்கம் ஆட வந்தவர் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே. அடுத்து ஊர்வில் பட்டேல். நடுவில் டெவால்ட் பிரேவிஸ். இந்த மூவரும் அந்த சீசன் தொடங்கும்போது சென்னை அணியிலேயே இல்லை. மாத்ரே, காயப்பட்ட ருதுராஜுக்குப் பதிலாக வந்தவர். பிரேவிஸ், குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக. ஊர்வில், வன்ஷ் பேடிக்குப் பதிலாக. அதாவது சென்னை கடைசி இடத்துக்கு இறங்கியதற்குக் காரணமான தோல்விகளில் பெரும்பகுதி இவர்கள் மூவரும் ஒருசேர இல்லாமல் நடந்தவை. 35 விழுக்காடு என்று நாம் வைத்த அந்த எண், மார்ச்சிலும் ஏப்ரலிலும் பவர்பிளேயில் தட்டுத் தடுமாறிய ஒரு சென்னையின் எண். மே 25 அன்று ஆடவந்தது வேறு ஒரு சென்னை.

மாத்ரே 17 பந்தில் 34. ஊர்வில் 19 பந்தில் 37. கான்வே 52. பிரேவிஸ் 23 பந்தில் 57. சென்னை 5 விக்கெட்டுக்கு 230. குஜராத் 147க்கு ஆல் அவுட். 83 ரன் வித்தியாசம்.

இந்த ஸ்கோரைக் காட்டி "இதோ பாருங்கள், எனக்கு முன்பே தெரியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 83 ரன் வித்தியாசத்தை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாங்கள் சொல்ல முடிந்தது ஒன்றுதான். இந்தப் பதினொரு பேரை அவரவர் பந்துக்குப் பந்து ஆட்டக் கணக்கை வைத்துத் தனித்தனியாகக் கூட்டினால் குஜராத் 65 அல்ல, 60க்குப் பக்கத்தில்தான் வருகிறது. சந்தையோ எதிர்த் திசையில் 68க்குப் போகிறது. அப்போதும் குஜராத்தான் வெல்ல வாய்ப்புள்ள அணி. ஆனால் 60க்கும் 68க்கும் இடையே எட்டு விழுக்காடு என்பது விலை போடுகிறவர்களுக்கு மிகப் பெரிய இடைவெளி. சாதாரண நாளில் நாங்கள் ஒரு விழுக்காட்டுக்கு அரை மணி நேரம் வாதாடுவோம்.

குஜராத் பக்கத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அந்த சீசனில் அவர்களின் ரன்கள் பெரும்பாலும் மூன்று மட்டைகளிலிருந்து வந்தவை. சாய் சுதர்சன் 759, ஷுப்மன் கில் 650, ஜோஸ் பட்லர் 538. இவர்கள் மூவரும் நின்று ஆடியதால் கீழே வருகிறவர்களுக்குப் பெரிய சோதனை வரவே இல்லை. பெரிய இலக்கைத் துரத்தும்போது மேலே இரண்டு விக்கெட் சீக்கிரம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் போதிய தரவு இல்லை. தேவை அந்த ஓட்டையை அடைக்காது. சொல்லப்போனால் இலக்கு 231 என்றானபின் தேவை அந்த ஓட்டையை இன்னும் பெரிதாக்கும். நிதானமாக விக்கெட்டைக் காப்பாற்ற நேரம் இருக்காது.

உத்வேகம் என்று பேசும்போது நாம் அணியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். ஐபிஎல் அணி ஒரு சீசனுக்காகச் சேர்க்கப்பட்ட கூட்டம். வெளியேறிவிட்ட அணிக்குக் கோப்பையில் வேலை இல்லாமல் போகலாம். அதில் ஆடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. மாற்று வீரராக வந்த ஒரு பையனை அடுத்த வருடம் தக்கவைப்பார்களா, ஏலத்தில் விடுவார்களா என்பது அந்தக் கடைசி இரண்டு மூன்று ஆட்டங்களில்தான் முடிவாகும். அவன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஆட்டம் அந்த சீசனில் இருக்கவே முடியாது. மே 24 அன்று ஜெய்ப்பூரில் பஞ்சாபின் 206 ரன்னை டெல்லி துரத்தியபோது 25 பந்தில் 58 எடுத்து முடித்துக்கொடுத்தவர் சமீர் ரிஸ்வி. டெல்லி மூன்று நாளுக்கு முன்பே வெளியேறிவிட்டது. ரிஸ்விக்கு அது ஒப்புக்கு ஆடும் ஆட்டம் அல்ல.

மூத்தவர்களுக்கும் இது பொருந்தும். 27 கோடிக்கு வாங்கப்பட்ட ரிஷப் பந்த் அந்த சீசன் முழுக்க ரன் எடுக்காமல் தவித்தார். லக்னோ வெளியேறிய பிறகு, கடைசி லீக் ஆட்டத்தில் பெங்களூருவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 118 அடித்தார். மிட்செல் மார்ஷ் தன் முதல் ஐபிஎல் சதத்தை, 64 பந்தில் 117, குஜராத்துக்கு எதிராக அடித்ததும் லக்னோ வெளியேறிய பிறகுதான். விக்கெட் போனால் என்ன ஆகும் என்ற பயம் இல்லாத பேட்ஸ்மேன் இருபது ஓவர் ஆட்டத்தில் ஆபத்தானவர். ஐந்து நாள் டெஸ்டில் இதைச் சொல்ல மாட்டேன். அங்கே சலிப்பு உண்மையாகவே ஆட்டத்தைக் கெடுக்கும். இருபது ஓவரில் துணிந்து ஆடுவதன் பலன் பல நேரம் நிதானத்தைவிட அதிகம். அதனால் "எதையும் இழப்பதற்கில்லை" என்ற நிலை ஓர் அணியைப் பலவீனமாக்கும் என்று முன்கூட்டி எடுத்துக்கொள்ள முடியாது. அது ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கூட்டும் என்று மட்டும் சொல்லலாம். ஏற்ற இறக்கம் கூடினால் யாருக்கு லாபம்? வழக்கமாக, வாய்ப்புக் குறைந்த அணிக்கு.

மறுபக்கம், தேவை இருக்கிற அணி முழு பலத்தோடு வருகிறது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மே 23 அன்று லக்னோ மைதானத்தில் ஹைதராபாத் 231 அடித்தபோது பெங்களூரு அணியில் ஹேசல்வுட் இல்லை. தோள் காயத்துக்குப் பிறகு பிளே-ஆஃபில்தான் திரும்பினார். கேப்டன் ரஜத் பட்டிதார் விரல் காயத்தால் இம்பாக்ட் வீரராக மட்டும் வந்தார், ஜிதேஷ் சர்மா தலைமை தாங்கினார். அது பெங்களூருவில் நடக்க வேண்டிய ஆட்டம். மழை காரணமாக லக்னோவுக்கு மாற்றினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் டிக்கெட்டுக்கு எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட அணிக்கு முதல் இரண்டு இடம் முக்கியம்தான். ஆனால் முக்கியமான பந்துவீச்சாளரை பிளே-ஆஃபுக்காகக் காப்பது அதைவிட முக்கியம். "கட்டாயம் ஜெயிக்க வேண்டும்" என்று வெளியே நாம் சொல்கிற நேரத்தில் உள்ளே அவர்கள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐந்து ஆட்டத்தில் நான்கு என்பதைப் பார்த்துவிட்டு "வெளியேறிய அணிதான் ஜெயிக்கும்" என்று விதி எழுதிவிடக் கூடாது. வெளியேறிய அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் 35 விழுக்காடு வாய்ப்பு இருந்தது என்று வைத்தால், ஐந்தில் நான்கோ அதற்கு மேலோ அவர்கள் வெல்வது சுமார் 5 விழுக்காடு நடக்கக்கூடிய விஷயம். 45 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்தால் சுமார் 13 விழுக்காடு. ஆகவே அந்த வாரம் நடந்தது, வாய்ப்பு 35ஐவிட அதிகமாக இருந்திருக்கலாம் என்ற பக்கம் கொஞ்சம் சாய்கிறது, அவ்வளவுதான். அடுத்த வருடம் கடைசி வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பலவீனமான அணி பக்கம் சாய்வதும் அதே கதையைத் தலைகீழாக நம்புவதுதான்.

தரவு இவ்வளவு குறைவாக இருப்பதுதான் பிரச்சினையின் வேர். ஒரு சீசனில் எழுபது லீக் ஆட்டங்கள். அதில் ஓர் அணி உறுதியாக வெளியேறிய பின், தேவை இருக்கும் இன்னோர் அணியோடு ஆடுவது ஒரு சில. அதிலும் இளைஞர்களை இறக்கிய அணி, மூத்தவர்களையே ஆடவிட்ட அணி, மழையால் கெட்ட ஆட்டம் என்று பிரித்தால் கையில் மிஞ்சுவது கணக்குப் போடத் தேறாது. எங்கள் கணிப்பு மாதிரியோ இரண்டு அணிகளும் வழக்கமான பதினொரு பேரோடு வழக்கம்போல் ஆடும் ஆட்டங்களிலிருந்து கற்றது. அது கடைசி வாரத்தில் ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும். வழக்கமான நாளில் தரும் அதே உறுதியோடு தரும். அந்த உறுதி போலி என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது.

ஆனால் விலையைச் சுற்றி இருப்பவற்றைப் பார்த்தால் தெரியும். இங்கேதான் கடைக்காரரின் பங்கு உதவுகிறது. இரண்டு விலைகளையும் தலைகீழாக்கிக் கூட்டிப் பாருங்கள். சீசன் நடுவே அதே இடத்தில் 105 வந்துகொண்டிருந்தது, இப்போது 106, 107 என்று வருகிறது என்றால், விலை போட்டவருக்கே தன் எண்மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று அர்த்தம். நான் மேலே வைத்த மாதிரிக் கணக்கிலும் 1.38, 2.95 இரண்டையும் கூட்டினால் 106க்கு மேல் வருகிறது. இதோடு, ஒருவரிடமிருந்து வாங்கும் அதிகபட்சத் தொகையையும் குறைத்திருப்பார்கள். தெரியாத சரக்குக்குக் கடைக்காரர் பெரிய ஆர்டர் எடுக்க மாட்டார். வாடிக்கையாளர்கள் எங்களிடம் "இந்த ஆட்டத்துக்கு உங்கள் எண்ணின் பிழை வரம்பு எவ்வளவு?" என்று கேட்பது அந்த வாரங்களில்தான். மற்ற நாட்களில் யாரும் கேட்பதில்லை.

இன்னோர் அடையாளம், நகர்வின் நேரம். ஐபிஎல்லில் டாஸ் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு. பதினொரு பேர் யார், இம்பாக்ட் வீரர் பட்டியலில் யார் என்பது அப்போதுதான் உறுதியாகத் தெரியும். முந்தைய நாள் இரவிலிருந்து செய்தி எதுவும் இல்லாமல் ஒரே திசையில் ஊர்ந்த விலை, டாஸ் முடிந்ததும் சட்டென்று திரும்பினால், இரவெல்லாம் நகர்ந்தது கதைதான் என்று தெரிந்துவிடும். நாங்கள் கடைசி வாரத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். காலையில் அனுப்பும் எண்ணோடு, "அணி தெரியும்வரை இதை நம்ப வேண்டாம்" என்று அகலமான பிழை வரம்பைச் சேர்த்து அனுப்புவோம். டாஸுக்குப் பின் வீரர் வீரராகக் கூட்டிய எண்ணை மறுபடி அனுப்புவோம். இரண்டுக்கும் நடுவில் "உத்வேகம்" என்ற பெயரில் ஒரு விழுக்காடுகூடச் சேர்க்கக் கூடாது என்பது கேஜிஎஃப்காரர் போட்ட கட்டளை. சேர்க்க ஆசைப்படுகிறவர், எந்த வீரர் உள்ளே, எந்த வீரர் வெளியே என்று எழுதிக் காட்ட வேண்டும்.

இந்தக் கட்டளைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது கிரிக்கெட்டைவிடக் கால்பந்தில் அதிகம் வரும். இரண்டு அணிகளுக்கும் ஒரே முடிவு லாபமாக இருக்கும் நிலை அது. 2004 யூரோ கோப்பையில் டென்மார்க்கும் ஸ்வீடனும் கடைசிக் குழு ஆட்டத்தில் சந்தித்தன. 2-2 என்றோ அதற்கு மேல் கோல் அடித்தோ டிராவானால், இத்தாலி என்ன செய்தாலும் இரண்டும் உள்ளே போய்விடும். 89ஆவது நிமிடத்தில் ஸ்வீடனின் மத்தியாஸ் யோன்சன் சமன் செய்ய, ஆட்டம் சரியாக 2-2 என்று முடிந்தது. இத்தாலி பல்கேரியாவை வென்றும் வெளியேறியது. பேசி வைத்து ஆடினார்கள் என்று நிரூபிக்கப்படவில்லை, நானும் சொல்லவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். சமன் ஆன பிறகு எந்தப் பக்கமும் முன்னால் ஓடிப் போய்த் தன் வலையைத் திறந்துவிட விரும்பாது. அதற்கு முன் 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி 1-0 என்று வென்றால் தானும் ஆஸ்திரியாவும் உள்ளே, அல்ஜீரியா வெளியே என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் கோல் அடித்த பிறகு அந்த ஆட்டம் அப்படியே உறைந்துபோனது. அதன் பிறகுதான் உலகக் கோப்பையில் ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்தத் தொடங்கினார்கள்.

அந்த வகை ஆட்டங்களில் தேவை உண்மையாகவே ஆட்டத்தின் வடிவத்தை மாற்றுகிறது. ஏனென்றால் எதிராளியும் அதையே விரும்புகிறார், தடுப்பதற்கு ஆளில்லை. குஜராத்துக்கு வெற்றி தேவை என்பதைத் தடுக்கச் சென்னையின் பதினொரு பேர் இருந்தார்கள். ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி இப்போதெல்லாம் "யாருக்குத் தேவை?" என்பதல்ல, இருவரின் தேவையும் மோதுகிறதா, ஒத்துப்போகிறதா என்பதுதான். மோதினால் உத்வேகத்தை விட்டுவிட்டு அணிப் பட்டியலுக்குப் போவேன். ஒத்துப்போனால் கணிப்பு மாதிரி சொல்லும் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஆட்டத்துக்கு எண் தர முடியாது என்று எழுதி அனுப்புவோம். அதற்காக ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டதும் உண்டு. கேஜிஎஃப்காரர் அவரிடம் போனில் பத்து நிமிடம் பேசினார், எண்ணை மட்டும் தரவில்லை.

கடைசியாக ஒன்று, ஆட்டம் முடிந்த பிறகு வருவது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. சென்னை 83 ரன்னில் வென்றதும் கணிப்பு மாதிரி சென்னையின் தரத்தை உயர்த்தி, குஜராத்தின் தரத்தைத் தாழ்த்திவிடும். நான்கு நாள் கழித்துத் தொடங்கும் பிளே-ஆஃபுக்கு அந்தத் தாழ்ந்த எண்ணோடு குஜராத் போகும். ஹைதராபாத் அதே 25ஆம் தேதி, தன்னைப் போலவே வெளியேறிவிட்ட கொல்கத்தாவுக்கு எதிராக 3 விக்கெட்டுக்கு 278 அடித்து 110 ரன்னில் வென்றது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் அடுத்த வருடத் தொடக்கத்தில் ஹைதராபாத் எங்கேயோ உயரத்தில் இருக்கும். அதனால் கடைசி வாரத்து அணி முடிவுகளுக்கு மற்ற ஆட்டங்களுக்குக் கொடுப்பதில் பாதி எடைதான் கொடுத்தோம். பாதி என்பது எங்கள் தீர்ப்பு. தரவு சொன்ன எண் அல்ல, அதைத் தரவிலிருந்து எடுக்கும் அளவுக்கு ஆட்டங்கள் இல்லை. ஆனால் வீரர்களின் தனிக் கணக்கில் கை வைக்கவில்லை. பிரேவிஸ் சந்தித்த 23 பந்தும் நல்ல பந்துவீச்சாளர்கள் வீசிய உண்மையான பந்துகள். அவை முழு எடையோடு அவர் பெயரில் ஏறின.